ராத்திரியில் ஏறும் பிஎச்: மீட்டரின் குற்றமா, போர் தண்ணீரின் குற்றமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியில் 40 லிட்டர் தொட்டி வைத்து லெட்டூஸ் வளர்க்கிறேன். போர் தண்ணீர்தான். ஆன்லைனில் வாங்கிய பேனா பிஎச் மீட்டர் மாலையில் 5.8 காட்டுகிறது, காலையில் 7.2. ஆர்ஓ தண்ணீரில் வைத்தால் எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. திருப்பி அனுப்ப நாலு நாள்தான் இருக்கிறது. அனுப்பிவிடலாமா?

பதில்: பொறுங்கள். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதில் நல்ல மீட்டரும் அலையத்தான் செய்யும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மீட்டரோடு வந்த பஃபர் பொடிகளைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள் (பெரும்பாலும் 250 மில்லி). பழைய அளவுத்திருத்தத்தை அழித்துவிட்டு முதலில் 6.86-ல் வைத்துச் சரிசெய்யுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சில மீட்டர்கள் அந்தத் திரவத்தை 7.00 என்று எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஆரம்பமே 0.14 பிசகும். கையேட்டில் எந்த எண் என்று பார்த்துவிடுங்கள். பிறகு கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்து (தேய்க்க வேண்டாம்), 4.00 திரவத்தில் வையுங்கள். உடனே சரிசெய்யாமல், தானாக என்ன காட்டுகிறது என்று கவனியுங்கள். 4.1, 4.2 என்றால் கவலையில்லை, அதையும் சரிசெய்துகொள்ளுங்கள். 4.4-க்கு மேல் என்றால் கண்ணாடிக் குமிழ் காய்ந்திருக்கலாம். ஒரு ராத்திரி பொட்டாசியம் குளோரைடு சேமிப்புத் திரவத்தில் ஊறவைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

மீட்டர் தேறிவிட்டால், சந்தேகம் தண்ணீர் மேல்தான். மாலையில் 5.8-க்குக் கொண்டுவந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். இன்னொரு பங்கை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, காற்றுக்கல்லை ஓடவிடுங்கள். காலையில் மூடிய பாட்டில் 5.8-ஐ ஒட்டியும் திறந்தது 7-க்கு மேலும் இருந்தால், மீட்டர் நிரபராதி. ஆசிட் ஊற்றும்போது பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. அது காற்றில் வெளியேற, மிச்சமிருக்கும் பைகார்பனேட் பிஎச்சை மேலே தூக்குகிறது.

தண்ணீர்ப் பரிசோதனையில் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 40 லிட்டரை 5.8-க்கு இறக்க, 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஏறக்குறைய 13 மில்லி பிடிக்கும். அதிலிருந்து லிட்டருக்கு 150 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேரும், செடிக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு. 30 லிட்டர் ஆர்ஓவும் 10 லிட்டர் போர் தண்ணீரும் கலந்தால் சுமார் 3 மில்லி போதும். கையுறை போட்டுக்கொண்டு ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றாதீர்கள். ஒரு ராத்திரி காற்றோட்டி விட்டு, காலையில் ஏறியிருந்தால் துளித்துளியாக இறக்குங்கள். உரத்தை அதற்குப் பிறகு போடலாம்.

அப்புறம், மூடியில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி மீட்டரை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சேமிப்புத் திரவம் இல்லாத நேரத்தில் 4.00 பஃபரே மேல்.