அறிஞர் என்று நினைத்தேன்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாக அரபு படிக்கிறேன். ‘அஃதைத்துல் வலத கிதாபன்’ (பையனுக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன்) என்பதில் பையன், புத்தகம் இரண்டுமே நஸ்பில், அதாவது செயப்படுபொருள் நிலையில், வருகின்றன. ‘பையனுக்கு’ என்றால் நான்காம் வேற்றுமை அல்லவா வேண்டும்? ‘க்கு’ என்ற பொருள் தரும் ‘லி’ சேர்த்து எழுதினால் தவறா? ‘ளன்ன’ (நினைத்தான்) என்ற வினையையும் இதோடு ஒரே பட்டியலில் போட்டிருக்கிறார்கள். நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள தம்பி,

புத்தகம் இருக்கட்டும், கையில் உள்ளதை முதலில் முடியுங்கள். ‘லி’ இன்றைய எழுத்தில் நிறையவே வருகிறது. பழைய நடை அதைக் கேட்பதில்லை.

ஆனால் அரபுக்குள் போய் நான்காம் வேற்றுமையைத் தேடுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே பெயருக்குப் பொதுவாகக் கடைசியில் உகரம் ஏறும் ரஃபு, அகரம் ஏறும் நஸ்பு, இகரம் ஏறும் ஜர்ரு என்று மூன்றே நிலைகள். கொடுப்பதில் வாங்குகிறவர் முதல் மஃப்ஊல், அதாவது முதல் செயப்படுபொருள், கைமாறும் பொருள் இரண்டாவது, இரண்டுக்கும் நஸ்பு. குர்ஆனில் ‘இன்னா அஃதைனாகல் கவ்ஸர்’, உமக்குக் கவ்ஸரைக் கொடுத்தோம், என்று ஓதுகிறோமே, அதில் ‘க’ (உமக்கு) முதலாவது, ‘கவ்ஸர்’ இரண்டாவது. கடைசியில் நிறுத்தி ஓதுவதால் ‘கவ்ஸர’ என்ற அகரம் காதில் விழுவதில்லை.

அந்த ஒரே பட்டியல்தான் சில நாட்களாக என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. படிக்கிற காலத்தில் ‘ஜைதை அறிஞர் என்று நினைத்தேன்’ என்பதை அரபில் எழுதச் சொன்னார் எங்கள் உஸ்தாத். கரும்பலகையில் ‘ளனன்து ஜைதன் ஆலிமுன்’ என்று எழுதினேன். தமிழில் ஜைதுக்குத்தான் ‘ஐ’ இருக்கிறது, ‘அறிஞர்’ சும்மா நிற்கிறது. அதனால் ஆலிமை ரஃபிலேயே விட்டுவிட்டேன். ‘தமிழை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறாய்’ என்று எல்லார் முன்னாலும் திட்டினார். அப்புறம் பக்கத்தில் வந்து, சாக்பீஸ் தூள் படிந்த உள்ளங்கையால் ‘ளனன்து’வை மறைத்து, ‘மிச்சத்தைப் படி’ என்றார். ஜைது, ஆலிம். வினை இல்லாவிட்டால் இரண்டும் ரஃபுக்குத் திரும்பி ‘ஜைதுன் ஆலிமுன்’ ஆகும்: ஜைது ஓர் அறிஞர். முழு வாக்கியம். ‘நினைத்தேன்’ வந்து அந்த வாக்கியத்தின் இரண்டு உறுப்பையும் பிடித்து நஸ்பாக்கிவிடுகிறது. ஆகவே ‘ளனன்து ஜைதன் ஆலிமன்’. பிறகு கொடுத்த வாக்கியத்தை எழுதி அதிலும் வினையை மறைத்தார். பையன், ஒரு புத்தகம். அதில் வாக்கியமே இல்லை. இரண்டுக்கும் நஸ்புதான், ஆனால் வந்த வழி வேறு.

நீங்கள் ‘என்று’ எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு அரபில் ‘அன்ன’ இருக்கிறது. ‘ளனன்து அன்ன ஜைதன் ஆலிமுன்’ என்று எழுதினால் ஆலிமுக்கு ரஃபுதான் சரி, ஏனென்றால் ‘அன்ன’ ஜைதை மட்டும்தான் நஸ்பாக்கும். நான் எழுதியது ‘அன்ன’வைத் தொலைத்த வாக்கியம். தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்; முதல் சொல்லைச் சரியாக எழுதிவிட்டு இரண்டாவதில் ‘உன்’ போட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவினை உஸ்தாத் கண்டுபிடித்ததல்ல. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் படித்த பாரசீகர் ஸீபவைஹி இவற்றை இரண்டு தனித்தனிப் பாடங்களாக வைத்தார். கொடுத்தல் போன்றவற்றில் விரும்பினால் முதல் மஃப்ஊலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். நினைத்தல் போன்றவற்றில் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்த உனக்கு வழியில்லை என்றார். ‘ஜைதுக்குக் கொடுத்தேன்’ என்று நிறுத்தினால் கேட்பவர் தலையாட்டுவார். ‘ளனன்து ஜைதன்’ என்று நிறுத்திப் பாருங்கள், ‘ஜைதை என்னவென்று?’ என்பார். இடம் பார்த்து விளங்கிக்கொள்ள முடிந்தால் விடலாம் என்று பின்னால் வந்தவர்கள் தளர்த்தினார்கள், அது வேறு.

இப்படி நிறுத்திப் பார்க்கும் சோதனை உஸ்தாதின் உள்ளங்கை போதாத இடத்தில் உதவும். ‘ரஅய்து ஜைதன் ராகிபன்’, ஜைது சவாரி செய்யக் கண்டேன். வினையை மறைத்தால் இதிலும் ‘ஜைது சவாரி செய்கிறான்’ என்று ஒரு வாக்கியம் நிற்கும். இரண்டாவது மஃப்ஊல் என்று ஏமாந்துவிடுவீர்கள். ‘ஜைதைக் கண்டேன்’ என்று நிறுத்திப் பாருங்கள், குறையே இல்லை. இது கண்ணால் காண்பது, ஒரு மஃப்ஊல் போதும். ராகிபன் அவன் இருந்த நிலையைச் சொல்லும் ‘ஹால்’. அதே ‘ரஅய்து’வை ‘கருதினேன்’ என்ற பொருளில் ‘ரஅய்துல் இல்ம நாஃபிஅன்’ (கல்வி பயனுள்ளது என்று கண்டேன்) என எழுதினால் இரண்டும் மஃப்ஊல். ‘கல்வியைக் கண்டேன்’ என்று நிறுத்தினால் பொருளே போய்விடும்.

உங்கள் பட்டியலில் ‘வஜத’ (கண்டடைந்தான்) கட்டாயம் இருக்கும். தொலைந்த சாவியைக் கண்டடைவது ஒன்று, ஒருவரை நல்லவராகக் கண்டடைவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். கடைசி எழுத்தின் குறியைப் போட மறக்காதீர்கள்.