முன் சீட்டு யாருக்கு?

"கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் அம்மாவைப் பார்க்கப் போனால், கித்துல்கலை தாண்டியதும் குமட்டலும் குளிர்ந்த வியர்வையும் வந்துவிடும். கினிகத்தேனையில் வாந்தி நிச்சயம். பின் சீட்டில் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடி வருவேன். முன் சீட்டில் இருக்கும் கணவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. எனக்கு உடம்பில் பலம் இல்லையா? தீபாவளிப் பயணத்தை விட்டுவிடலாமா?"
– ஒரு வாசகி, கொழும்பு

உங்கள் கணவர் முன் சீட்டில் இருப்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் முக்கியம்.

உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. வாளியைச் சட்டென்று திருப்பினால் தண்ணீர் கொஞ்சம் பின்தங்குமல்லவா? பஸ் வளைவில் திரும்பும்போது அந்தத் திரவமும் அப்படித்தான் பின்தங்கும். அதை வைத்துக் காது, "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. உங்கள் கண்ணோ மகளின் கொப்பியில் இருக்கிறது. கொப்பி உங்களோடு சேர்ந்தே திரும்புவதால், "அசைவே இல்லை" என்கிறது கண். அந்த மலைப்பாதையில் இந்த முரண்பாடு வளைவுக்கு வளைவு தொடர்கிறது. அது தானியங்கி நரம்புகளைக் கிளப்ப, வயிறு புரள்கிறது, முகம் வெளிறுகிறது, சூடே இல்லாமல் வியர்க்கிறது. இதில் பலவீனம் எங்கே வந்தது? உட்காதின் இந்தப் பகுதி முற்றாகச் செயலிழந்தவர்களுக்குத்தான் பயணக் குமட்டல் வருவதில்லை.

உங்கள் கணவர் வளைவை முன்கூட்டியே பார்க்கிறார். காது சொல்லப்போவது அவர் மூளைக்கு ஏற்கெனவே தெரியும். டிரைவர்களுக்கு இந்தத் தொல்லை அரிதாக இருப்பதும் இதனால்தான். நீங்களோ குலுக்கலும் ஆட்டமும் கூடிய பின்பக்கத்தில் குனிந்து வாசிக்கிறீர்கள். குடும்பத்தில் யாருக்கு முடியவில்லையோ அவருக்குத்தான் நல்ல இடம். கணவன் கேட்காமலே எழுந்து கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

உங்களையும் விடப் போவதில்லை. ஓடும் பஸ்ஸில் என்ன பாடம்? 2 வயதிலிருந்து 12 வயது வரை பிள்ளைகளுக்கும் இது எளிதில் வரும். கொப்பியை மூடிவிட்டு மகளையும் முன்னால் கூட்டிவந்து, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையைச் சீட்டில் சாய்த்து, ஆடாமல் வையுங்கள். முன்னால் இடமே இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. அப்போது கண்ணாவது காதோடு முரண்படாது.

அதற்கும் அடங்காவிட்டால் டைமென்ஹைட்ரினேட் மாத்திரை உண்டு. பஸ் ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் வயிறு மந்தமாகிவிடும். மாத்திரை சரியாகச் சேராது. தூக்கமும் வரும். கர்ப்பமாக இருந்தாலோ மகளுக்குக் கொடுப்பதானாலோ டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் சும்மா படுத்திருக்கும்போதும் தலை சுற்றினால், காது கேட்பது குறைந்தால், அது பஸ்ஸால் வந்ததல்ல. காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தீபாவளிக்குப் போகாமல் இருப்பது பற்றிக் கேட்டீர்கள். கூடாது. தாய் காத்திருப்பாள். காலையில் நேரத்தோடு பஸ் நிலையத்துக்குப் போய், முன்னால் வீதி தெரியும் சீட்டாகப் பார்த்து உங்களுக்கும் மகளுக்கும் பிடித்துத் தரும்படி கணவரிடம் சொல்லுங்கள்.