கேள்வித்தாள் மொழிபெயர்ப்பில் விடை கசிவது எப்படி?

தேர்வுக் கேள்விகளை மொழிபெயர்க்கும்போது விடை தெரியாமலும் கடினம் மாறாமலும் பார்த்துக்கொள்வது எப்படி?

மூலத்தில் இல்லாத துப்பு மொழிபெயர்ப்பில் நுழைந்துவிடுவதைத்தான் விடைக் கசிவு என்கிறோம். இரு மொழிகளில் எழுதுபவர்களையும் ஒரே மதிப்பெண்ணால் ஒப்பிடுகிறோம். ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுத்தால் ஒரே எடை காட்ட வேண்டும் அல்லவா, அதுபோலத்தான்.

ஓர் உதாரணம். “தாவரங்கள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் நிகழ்ச்சி எது?” விடைகள்: நொதித்தல், நீராவிப்போக்கு, ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல். ஆங்கிலத்தில் இதன் பெயர் ஃபோட்டோசிந்தசிஸ். அதிலுள்ள ‘ஃபோட்டோ’ ஒளியைக் குறிக்கும் கிரேக்க வேர்; அது மாணவர் கண்ணில் எளிதில் படாது. தமிழிலோ கேள்வியில் உள்ள ‘ஒளி’ ஒரே ஒரு விடையில் மட்டும் எதிரொலிக்கிறது. பாடம் படிக்காதவரும் பிடித்துவிடுவார். கலைச்சொல்லை மாற்றக் கூடாது; பாடநூலில் இருப்பது அதுதான். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்: “பசுந்தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு குளுக்கோஸ் தயாரிக்கும் நிகழ்ச்சி எது?” இதில் கூடுதல் விவரம் நுழைவதால், மூலக் கேள்வியையும் இதேபோல் திருத்தச் சொல்வதே நேர்மை.

சரியான விடைக்கு மட்டும் விளக்கம் சேர்த்து நீளமாக்குவதும் கசிவுதான். பொருந்தாத வேற்றுமை உருபும் அப்படியே; “___ஐக் கண்டுபிடித்தவர்” என்று கோடிட்டால், எல்லா விடைகளும் அந்த ‘ஐ’யோடு இயல்பாகச் சேர வேண்டும்.

சோதிக்க எளிய வழி, பாடம் தெரியாத சிலரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்து ஊகிக்கச் சொல்வது. பலரும் சரியான விடையையே தொட்டால், காரணத்தைக் கேட்டுத் திருத்துங்கள்.

மாணவருக்குப் புரியும்படி எளிமையாக்கினால் விடை கசிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாக்கியத்தை எளிமையாக்கலாம், சோதிக்கப்படும் கருத்தை விளக்குவதுதான் கூடாது.