ஸ்டாக் எண்ணிக்கையில் 232 மூட்டை குறைந்த கதை

கேள்வி: ஆடிட் இன்டர்னாக இருக்கிறேன். எண்ணிய ஸ்டாக் சிஸ்டத்தை விடக் குறைவாக வருகிறது. 'சேதாரம் என்று எழுதி முடி' என்கிறார்கள். எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள். உங்களை யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் அப்படித்தான் படுத்தினார்கள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஆர்ட்டிகிள்ஸ் செய்கிறேன். 2025 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, கிளையண்டின் ஆண்டுக் கடைசி நாள். மாலை நாலு மணிக்கு அரிசிக் கிடங்கில் எண்ண ஆரம்பித்தோம். பத்து கிலோ பாஸ்மதி 1,840 மூட்டை இருந்தது. சிஸ்டத்தில் 2,072. 232 குறைவு. மூட்டை 150 ராண்ட் அடக்கம் என்றால் 34,800 ராண்ட். (பெரிய ஆடிட்டர்கள் சிரிக்க வேண்டாம். அது மெட்டீரியாலிட்டிக்குக் கீழே என்று எனக்கும் தெரியும்.)

கிளையண்டின் கணக்கு மேனேஜர் உடனே ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் வயதான தமிழர், என்னைத் 'தம்பி' என்பார். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது உறுத்தியது.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், எண்ணத் தொடங்கும் முன் கடைசி டெலிவரி நோட் எண்ணையும், கடைசியாகச் சரக்கு உள்ளே வந்த ரசீதின் எண்ணையும் குறித்துக்கொண்டதுதான். அந்த எண்கள் வரைக்கும் உள்ளதெல்லாம் பிப்ரவரிக் கணக்கில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு உள்ளவை மார்ச்சுக்குப் போக வேண்டும். மற்றபடி முட்டாள்தனம்தான். 232 மூட்டைக்கு ஒரு டெலிவரி நோட் இருக்கும் என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை.

மறுநாள் தொகையைத் தேடுவதை விட்டுவிட்டு, கடைசி இருபது டெலிவரி நோட்டுகளை ஒவ்வொன்றாக இன்வாய்ஸோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 240 மூட்டை. நோட்டின் தேதி பிப்ரவரி 28, இன்வாய்ஸின் தேதி மார்ச் 3, திங்கள். வெள்ளிக்கிழமை பில் போடும் பெண் சீக்கிரம் கிளம்பிவிட்டாராம். அந்த சிஸ்டத்தில் இன்வாய்ஸ் போட்டால்தான் ஸ்டாக் குறையும். அதனால் சரக்கு வெளியே போயும் கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. கேட் ரிஜிஸ்டரில் லாரி 3.10-க்கு வெளியேறியது என்று இருந்தது. ஆனால் அது போதாது. சரக்கு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விற்பனை என்பது இவர்கள் ஒப்பந்தம். இரவு முழுக்க லாரி வழியில் நின்றிருந்தால், கிடங்கில் இல்லாவிட்டாலும் அது நம் கிளையண்டின் ஸ்டாக்தான். பீட்டர்மரிட்ஸ்பர்க் கடைக்காரர் கையெழுத்துப் போட்ட நகலை வரவழைத்தேன். 28-ம் தேதி, மாலை 5.20. அப்பாடா.

சரி, 240-க்கும் 232-க்கும் நடுவே எட்டு? அது எதிர்த் திசையில் வந்தது. அதே நாள் மதியம் ஒரு கடை எட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கிடங்கில் இறக்கி, நாங்களும் எண்ணிவிட்டோம். கிரெடிட் நோட் மார்ச் 4-ல்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே கட்-ஆஃப் பிழை, அதாவது பிப்ரவரியில் ஏற வேண்டியது மார்ச் கணக்கில் ஏறியது. ஒன்றை ஒன்று கொஞ்சம் மறைத்துக்கொண்டதால் நான் சுற்றினேன்.

சேதாரம் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிப்ரவரியில் 232 மூட்டையின் அடக்கம் நஷ்டமாகப் போகும். விற்பனை 44,080 ராண்ட் அடுத்த ஆண்டில் விழும். அதோடு மார்ச்சில் இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் சிஸ்டத்தில் ஏறும்போது ஸ்டாக் இன்னொரு முறை குறையும். அடுத்த எண்ணிக்கையில் 232 மூட்டை 'அதிகம்' என்று வரும். அப்போது யாரைச் சந்தேகப்படுவார்கள்? விற்பனை, அடக்கம் இரண்டையும் பிப்ரவரிக்கு மாற்றச் சொன்னோம். அரிசிக்கு இங்கே வாட் பூஜ்யம் என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

உங்களுக்கும் கட்-ஆஃப்தான் என்று நான் சொல்லவில்லை. நோட்டுகள் எல்லாம் பொருந்தியும் குறைந்தால் உண்மையிலேயே திருட்டாக இருக்கலாம். முதலில் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு நாளை 'வீணாக்கினேன்' என்று என் சீனியர் குறித்துவைத்துக்கொண்டார். தீபாவளிக்கு இந்த நாட்டில் அரசு விடுமுறை கிடையாது, சொந்த லீவில்தான் எடுக்க வேண்டும். அக்டோபரில் கேட்டபோது அந்த இரண்டு நாளைத்தான் ஞாபகப்படுத்தினார். போகட்டும்.

ஸ்டோர் கீப்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த எட்டு மூட்டையை நான்தானே தம்பி இறக்கினேன், லாரியையும் நான்தான் அனுப்பினேன்" என்றார். "அப்போதே ஏன் சொல்லவில்லை, அங்கிள்?" என்று கேட்டேன்.

"யார் கேட்டார்கள்?"