காது கேக்காத அப்பாவுக்கு 3500 ரூபா ஆப் வேணுமா?

“அப்பாவுக்கு மெஷின் போட்டும் போன்ல பேசுறது புரியல. தண்டையார்பேட்டையில ஒரு மொபைல் கடையில 3500 ரூபா குடுத்தா எந்த கால் வந்தாலும் தமிழ்ல எழுத்தா காட்டுற ஆப் போட்டுத்தரேன்னு சொல்றாங்க, போடலாமா சார்? பகல்ல வீட்ல தனியா இருக்காரு, பெல் அடிச்சாலும் தெரியாது.”

போடாதீங்க தம்பி. அட்வான்ஸ் குடுத்திருந்தா போய் திருப்பி கேளுங்க.

ஆண்ட்ராய்டு போன்ல கால் ஓடிட்டு இருக்கும்போது எதிர்ல பேசுறவங்க குரல் போன் ஆப்புக்கு மட்டும்தான் போகும், வேற ஆப்பு மைக்க தொறந்தா அதுக்கு ஒண்ணுமே கேக்காது. இத தாண்டணும்னா அக்சசிபிலிட்டி பர்மிஷன்தான் குறுக்கு வழி, அந்த வழியில கால் ரெக்கார்ட் பண்ற ஆப்புகள 2022 மே மாசமே ப்ளே ஸ்டோர்ல தடை பண்ணிட்டாங்க. அதனாலதான் கடைக்காரர் வாட்ஸ்அப்ல வந்த ஏபிகேங்கிற ஆப் ஃபைல போடுவாரு, ஆண்ட்ராய்டு 13லேர்ந்து அப்படி வந்த ஆப்புக்கு இந்த பர்மிஷன போனே தடுக்கும், உடனே மூணு புள்ளிய அழுத்தி Allow restricted settings குடுப்பாரு. அத பாத்தா போன கையில வாங்கிட்டு கெளம்பிடுங்க. அந்த பர்மிஷன் கெடச்ச ஆப்பு திரையில வர்ற எல்லாத்தையும் படிக்கும், அப்பா தொடாமலே பட்டன் அழுத்தும், அவரு பென்ஷன் வர்ற அக்கவுண்ட்டோட ஓடிபியும் அதே திரையிலதான் வருது.

இத கேட்டுட்டு அக்சசிபிலிட்டின்னாலே பயந்து எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடாதீங்க. நான் கீழ சொல்லப்போற கூகுள் ஆப்போட ஷார்ட்கட்டும் செட்டிங்ஸ்ல அதே தலைப்புக்குள்ளதான் இருக்கு, எழுத்த பெருசாக்குறது, போன் அடிச்சா ஃப்ளாஷ் எரியுறது எல்லாமும் அங்கதான். போன்லயே வந்தது, ப்ளே ஸ்டோர்ல கூகுள் பேர்ல இருக்கிறது ரெண்டும் சரி. யாரோ அனுப்புன ஃபைல்ல வந்து அந்த பர்மிஷன் கேட்டாதான் ஆபத்து, எங்கேருந்து வந்ததுங்கிறத மட்டும் பாருங்க.

பேச்ச எழுத்தா காட்ட போன்லயே வர்ற Live Caption சில போன்ல காலுக்கும் வேலை செய்யும், ஆனா தமிழ் வராது, நம்ம வீட்டுக்கு பிரயோஜனம் இல்ல. பேசுறத தமிழ்ல எழுத்தா காட்டுறது கூகுளோட Live Transcribe & Notification, காசு கெடையாது. வீட்ல ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் கெடக்குமே, அதுல இத போட்டு மொழிய தமிழ் இந்தியான்னு வச்சு வைஃபைல போடுங்க. கால் வந்தா அப்பா தன் போன ஸ்பீக்கர்ல போட்டு பழைய போனோட மைக் பக்கம் அரை அடிக்குள்ள வைக்கணும், அவங்க பேசுறது ரெண்டாவது போன்ல எழுத்தா ஓடும், அப்பா படிச்சிட்டு வாயாலயே பதில் சொல்லலாம். வாட்ஸ்அப் காலுக்கும் இதே வழிதான். அவரு பேசுறதும் சேந்து எழுத்தாகும், குழம்ப வேணாம்னு முன்னாடியே சொல்லி வைங்க.

நீங்க மாடியிலேர்ந்து கூப்ட்டு ஒரு தடவ சோதிங்க. “கேஸ்காரரு வந்துருக்காரு, நாலு நம்பர் சொல்லுங்க”ன்னு சொல்லி என்ன விழுதுன்னு பாருங்க. வேகமா பேசுனா ஊர் பேரும் நம்பரும் தப்பாதான் விழும், ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்தா இன்னும் மோசம். அதனால நம்பர், பணம், தேதி எதா இருந்தாலும் “மெசேஜ்ல அனுப்புங்க”ன்னு சொல்லிட்டு வைக்க அப்பாவ பழக்குங்க. செட்டிங்ஸ்ல எழுத்த மூணு நாள் சேமிக்கிற வசதி இருக்கு, அத ஆன் பண்ணுனா சாயங்காலம் வந்து யாரு என்ன பேசுனாங்கன்னு நீங்க படிக்கலாம்.

காலுக்குள்ளயே டைப் பண்ற ஆர்டிடி வசதி அமெரிக்காவுல சாதாரணமா இருக்கு. இங்க செட்டிங்ஸ்ல அந்த பேர் தெரிஞ்சாலும் நம்பாதீங்க, நெட்வொர்க்காரன் குடுக்காம அது ஓடாது. 2016லயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாச்சு, இன்னமும் பேங்க்ல “கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க”ன்னு காது கேக்காதவர்கிட்டயே சொல்றாங்க, எனக்கு பத்திக்கிட்டு வருது. கிளைக்கு ஒரு கடிதம் எழுதி குடுங்க, எஸ்எம்எஸ்லயும் மெயில்லயும் மட்டும் தொடர்பு கொள்ளணும்னு, சீல் போட்ட நகல் வாங்காம வராதீங்க.

பெல்லுக்கும் அதே ஆப்புல சவுண்ட் நோட்டிஃபிகேஷன் இருக்கு, பெல், கதவு தட்டுறது, கொழந்த அழுறது, புகை அலாரம்லாம் கண்டுபிடிச்சு போன அதிர வைக்கும், ஃப்ளாஷும் அடிக்கும். பழைய போன வாசல்கிட்ட வச்சிட்டா அப்பா உள்ள இருந்தா தெரியாது, அதனால அவரு சட்டைப்பையில இருக்கிற போன்லயும் ஆப்ப போட்டு இத அதுலதான் ஆன் பண்ணணும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஹார்ன் ஓயாத வீடுன்னா பொய் அலர்ட் நெறைய வரும், வேண்டாத சத்தத்த ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிட்டு பெல்லையும் புகை அலாரத்தையும் மட்டும் வைங்க. குயில் மாதிரி கூவுற பெல்லா இருந்தா ஆப்பு புடிக்காம விடலாம், அப்போ எலக்ட்ரிக் கடையில லைட் எரியுற காலிங்பெல் கேட்டு வாங்கி அப்பா உக்கார்ற இடத்துக்கு நேரா மாட்டிடுங்க.