பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் நினைவூட்டல்

கேள்வி: துளசி, மணி பிளான்ட், கற்றாழை மூன்றுக்கும் போனில் எப்படி ரிமைண்டர் வைப்பது? வெயிலிலும் மழையிலும் மாற்ற வேண்டுமா?

ரிமைண்டரில் "தண்ணீர் ஊற்று" என்று எழுதாமல் "மண்ணைத் தொட்டுப் பார்" என்று எழுதுங்கள். துளசிக்குத் தினமும் காலை, மணி பிளான்ட்டுக்கு 4 நாளுக்கு ஒருமுறை, கற்றாழைக்கு 12 நாளுக்கு ஒருமுறை. துளசிக்கு மேல்மண் காய்ந்தாலே போதும், மணி பிளான்ட்டுக்கு இரண்டு விரற்கடை ஆழம் காய வேண்டும், கற்றாழைக்கு அடிவரை. ஊற்றினால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள்.

கடும் வெயில் வாரத்தில் துளசிக்கு மாலையிலும் ஒன்று சேருங்கள், மணி பிளான்ட்டுக்கு 2 நாளுக்கு ஒருமுறை என மாற்றுங்கள். மழை வாரத்தில் கற்றாழையை உள்ளே நகர்த்தி, அதன் ரிமைண்டரை நிறுத்திவிடுங்கள். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். ஈரமண்ணிலும் இலை துவண்டால் வேர் அழுகிக்கொண்டிருக்கலாம். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது.