sin x = x² என்ற சமன்பாட்டுக்கு நேர்ம மூலம் உண்டா?

கேள்வி: sin x = x² என்பதற்கு 0 ஒரு மூலம் என்று தெரிகிறது. 0-வுக்கும் 1-க்கும் இடையே இன்னொரு மூலம் இருப்பதை இடைநிலை மதிப்புத் தேற்றத்தால் எப்படிக் காட்டுவது? g(x) = sin x − x² என்று எடுத்தால் g(0) = 0 என்றே வருகிறது.

பதில்:

g(0) பூச்சியமாகிவிடுவதால், இரு முனைகளிலும் எதிரெதிர்க் குறிகள் வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. நமக்குத் தெரிந்த அந்த மூலத்தை x-ஆல் வகுத்து விலக்கிவிட்டால் வழி பிறக்கும். x > 0 எனில் f(x) = (sin x)/x − x என்று கொள்வோம். f-இன் நேர்ம மூலங்களும் g-இன் நேர்ம மூலங்களும் ஒன்றே.

ஆனால் x = 0-இல் f வரையறுக்கப்படவில்லை; தேற்றமோ [0, 1] என்ற மூடிய இடைவெளி முழுவதிலும் தொடர்ச்சியைக் கேட்கிறது. எல்லை இங்கேதான் தேவைப்படுகிறது. x → 0⁺ ஆகும்போது (sin x)/x → 1 என்பதால் f(x) → 1; ஆகவே f(0) = 1 என்று நாமே வரையறுத்தால், எல்லையும் சார்பின் மதிப்பும் சமமாகி 0-இல் தொடர்ச்சி கிடைக்கிறது. 0 இடைவெளியின் இடது முனை என்பதால் வலப்பக்க எல்லை மட்டும் போதும். மற்ற புள்ளிகளில், தொடர்ச்சியான சார்பை x-ஆல் வகுக்கிறோம். அங்கே x பூச்சியமில்லை என்பதால் சிக்கலும் இல்லை.

இப்போது f(0) = 1, நேர்மம்; f(1) = sin 1 − 1 ≈ −0.1585, எதிர்மம். எனவே (0, 1)-இல் f(c) = 0 ஆகும்படி ஒரு c கட்டாயம் உண்டு. இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் f(0.5) ≈ 0.459, f(0.75) ≈ 0.159, f(0.875) ≈ 0.002 என மூன்றும் நேர்மமாகவே வருகின்றன, f(0.9) ≈ −0.030. ஆக c, 0.875-க்கும் 0.9-க்கும் இடையே உள்ளது. நுணுக்கினால் ஏறத்தாழ 0.8767.

கணிப்பானை ரேடியனில் வைத்துக்கொள்ளுங்கள். பாகையில் இருந்தால் (sin x)/x-இன் எல்லை 1 ஆகாமல் π/180 ஆகிவிடும். f(0.1)-ஐக் கணித்துப் பாருங்கள்: 0.898 வந்தால் சரி, −0.083 வந்தால் பாகையில் இருக்கிறது.

தொடர்ச்சியைச் சரிபார்க்காமல் குறி மாற்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு tan x நல்ல எடுத்துக்காட்டு. tan 1 ≈ 1.557, tan 2 ≈ −2.185, குறி மாறுகிறது, ஆனால் [1, 2]-இல் மூலமே இல்லை. π/2-இல் இடப்பக்க எல்லை +∞-க்கும் வலப்பக்க எல்லை −∞-க்கும் செல்வதால் அங்கே தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

மூலம் ஒன்றே ஒன்றுதான் என்பதைத் தேற்றம் சொல்லாது; அதைத் தனியாக நிறுவ வேண்டும். இங்கே (sin x)/x, −x ஆகிய இரண்டுமே [0, 1]-இல் இறங்குபவை. ஆகவே f-உம் இறங்கிக்கொண்டே போகிறது, பூச்சியத்தை ஒரே முறைதான் கடக்க முடியும்.